சிஸ்டருக்குச் சம்பளம் கிட்டுமா? ஏழாம் வகுப்பு புராஜெக்ட் கிளப்பிய ஒரு கேள்வி

"சித்தி, சார்ட்ல மூணு கட்டம் போட்டாச்சு. ஆனா மூணுலயும் ஒரே மாதிரிதான் வருது. என்ன செய்ய?"

கருங்கலில் ஏழாம் வகுப்பு படிக்கிற அக்கா மகள் போனில் கேட்டாள். புராஜெக்ட் தலைப்பு, 'மூன்று மரபுகளில் துறவு வாழ்க்கை: விரதங்களும் அன்றாட நடைமுறையும்'. சமணம், கிறிஸ்தவம், இந்து சமயம் என்று மூன்றை அவளே எடுத்திருந்தாள். சார்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினாள். 'அதிகாலையில் எழுவார்கள். ஜெபம் செய்வார்கள். எளிய உணவு உண்பார்கள். சொத்து வைத்துக்கொள்ள மாட்டார்கள்.' மூன்று கட்டத்திலும் இதேதான். மேலே எழுதியிருந்த பெயரை மறைத்துவிட்டால், எது யாருடைய கட்டம் என்று அவளுக்கே தெரியாது.

என்ன சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அவளே அடுத்ததைக் கேட்டாள். "ஸ்கூல்ல பாடம் எடுக்கிற சிஸ்டருக்குச் சம்பளம் கிட்டும்லா? பிறகு எப்படி அவிய 'ஏழ்மை'ன்னு வாக்கு கொடுக்க முடியும்?"

அவளுடைய நான்கு வரியை விட இந்த ஒரு கேள்வி பெரியது. இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வந்திருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டு சிஸ்டர்கள் சம்பந்தப்பட்ட வழக்கில். அதனால் பழைய சார்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று பேரிடமும் ஒரே சோதனை செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். ஒரு 500 ரூபாய் நோட்டைக் கையில் கொடுத்தால் அது என்ன ஆகும்?

சிதறால் மலையில் இருந்து தொடங்குவோம்

கருங்கலில் இருந்து மார்த்தாண்டம் போய், அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தால் சிதறால். நம்மில் பலருக்கு அது செல்ஃபி எடுக்கிற மலை. அதன் பழைய பெயர் திருச்சாரணத்துமலை. சமணத் துறவிகள் தங்கியிருந்த இடம். பாறையில் பார்சுவநாதர் உட்பட தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே, செய்வித்தவர்களின் பெயர்கள் வட்டெழுத்தில் இருக்கின்றன. 9-ம் நூற்றாண்டில் ஆய் மன்னன் விக்கிரமாதித்திய வரகுணன் காலத்தில் இந்த மலை செழிப்பாக இருந்தது. பிற்காலத்தில் இங்கே பகவதி வழிபாடு வந்தது. இன்றைக்கு இரண்டின் அடையாளமும் ஒரே பாறையில் இருக்கிறது.

சமணத் துறவி எடுக்கிற ஐந்து பெரிய விரதங்களில் கடைசியானது அபரிக்கிரகம், அதாவது எதையும் தனதாக்கிக்கொள்ளாமல் இருப்பது. திகம்பர மரபில் அதைக் கடைசி எல்லை வரை கொண்டுபோனார்கள். துணிகூட இல்லை. பிள்ளைகள் இதைக் கேட்டதும் சிரிக்கும், சிரிக்கட்டும். ஆனால் காரணம் புரிந்தால் சிரிப்பு நின்றுவிடும். ஒரு துணி இருந்தால் அதைத் துவைக்க வேண்டும். துவைத்தால் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் சாகும். காயப்போட இடம் வேண்டும். கிழிந்தால் இன்னொன்றை யாரிடமாவது கேட்க வேண்டும். காணாமல் போனால் கவலை வரும். ஒரு துண்டுத் துணிக்குப் பின்னால் இவ்வளவு வால் இருக்கிறது என்பதுதான் அவர்கள் கணக்கு. பெண் துறவிகள் மட்டும் வெள்ளைச் சேலை உடுத்துவார்கள்.

அவர்களிடம் இருப்பது மூன்றே பொருள்கள். உட்காரும் இடத்தில் எறும்பு கிறும்பு இருந்தால் நோகாமல் ஒதுக்குவதற்கு மயிற்பீலி. அதுவும் மயில் தானாக உதிர்த்த இறகில் செய்தது. கை கால் சுத்தம் செய்ய ஒரு கமண்டலம் தண்ணீர். படிக்க ஒரு நூல். வாகனம் இல்லை, நடைதான். மழைக்காலம் நான்கு மாதம் மட்டும் ஒரே ஊரில் தங்குவார்கள். ஈரமண்ணில் உயிர்கள் நிறைய ஊரும், மிதிபடக் கூடாது.

அன்றாட நடைமுறையில் புராஜெக்டுக்கு மிக முக்கியமான பகுதி சாப்பாடு. ஒரு நாளைக்கு ஒரே வேளை. தண்ணீரும் அந்த நேரத்தில்தான். கிளம்புவதற்கு முன் மனதுக்குள் ஒரு நிபந்தனை வைத்துக்கொள்வார்கள். உதாரணமாக, 'கையில் தேங்காயோடு நிற்கிற தம்பதி வீட்டில்தான் இன்று சாப்பிடுவேன்' என்று. அதை யாரிடமும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு வீடு கண்ணில் படவில்லை என்றால் அன்றைக்குப் பட்டினிதான். கிடைத்தால், தட்டு கிடையாது. நின்றபடியே இரண்டு கையையும் குவித்து, அதில் வைப்பதைச் சாப்பிடுவார்கள். கையில் விழுந்த உணவில் ஒரு முடியோ ஒரு பூச்சியோ தெரிந்தால் அந்த நொடியே கை விரிந்துவிடும். மறுபடி மறுநாள்தான் சாப்பாடு.

முடி விஷயமும் இதேபோலத்தான். இரண்டு முதல் நான்கு மாதத்துக்கு ஒரு முறை தலைமுடியையும் தாடியையும் கையாலேயே பிடுங்கிவிடுவார்கள். "அய்யோ, எதுக்கு சித்தி?" என்றாள். கத்தி வைத்திருந்தால் அது ஒரு சொத்து. நாவிதரிடம் போனால் கூலி கொடுக்கக் காசு வேண்டும். வளரவிட்டால் பேன் வரும், பேன் வந்தால் கொல்ல வேண்டியிருக்கும். எல்லா வழியையும் அடைத்தால் மிஞ்சுவது கை ஒன்றுதான்.

ஆக, இவரிடம் 500 ரூபாய் நீட்டினால்? தொடவே மாட்டார். வாங்கி வைக்க அவரிடம் பையும் இல்லை.

ஆனால் சிதறாலிலேயே இதைக் கொஞ்சம் சிக்கலாக்குகிற ஒரு கல்வெட்டு இருக்கிறது. விக்கிரமாதித்திய வரகுணனின் 28-ம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பேரையக்குடி அரிட்டநேமி படாரரின் மாணாக்கி குணந்தாங்கி குரத்திகள், திருச்சாரணத்து படாரியாருக்குப் பொன்னில் செய்த அணியைக் கொடுத்தார் என்று சொல்கிறது. குரத்தி என்றால் பெண் குரு. 1,100 ஆண்டுகளுக்கு முன் நம்ம ஊர் மலையில் ஒரு பெண் ஆசிரியராக இருந்திருக்கிறார், அவருடைய பெயர் கல்லில் நிற்கிறது. அதுவே பெரிய செய்தி.

"ஒண்ணுமே வச்சுக்கிடக் கூடாதுன்னா, அவியளுக்குப் பொன் எங்கேருந்து வந்துது?" சரியான இடத்தில் பிடித்துவிட்டாள். கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. ஊர்க்காரர்கள் குருவை நம்பிக் கொடுத்ததை அவர் தெய்வத்துக்குச் சேர்ப்பித்திருக்கலாம் என்பது என் ஊகம். ஒருவர் கை வழியாகப் பொருள் போகிறது, ஆனால் அந்தக் கையில் நிற்கவில்லை. அப்படியானால் அது யாருடைய பொன்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த கட்டத்துக்கு, பக்கத்துத் தெரு கான்வென்டுக்குப் போவோம்.

சம்பளம் வரும், ஆனால் நிற்காது

கத்தோலிக்க சிஸ்டர்கள் எடுப்பது மூன்று வார்த்தைப்பாடுகள்: கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல். எடுத்த எடுப்பில் யாரும் எடுத்துவிட முடியாது. நவசந்நியாசம் என்கிற பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதம். பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு, மூன்று முதல் ஆறு வருடம் வரை. அதற்குப் பிறகும் இருவருக்கும் சம்மதம் என்றால்தான் நித்திய வார்த்தைப்பாடு. பத்தாம் வகுப்பு முடித்ததும் கான்வென்டில் சேர்ந்த அக்காமார் பலர் நம் ஊர்களில் உண்டு. அதில் பாதி வழியில் திரும்பி வந்தவர்களை 'ஓடி வந்துட்டா' என்று பேசுவது எவ்வளவு தப்பு என்பது இதிலேயே தெரியும். திரும்பிப் போகலாம் என்பதற்காகத்தான் அத்தனை வருடம் கொடுக்கிறார்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்? கிட்டத்தட்ட ஐந்து மணிக்கு எழுந்து காலைச் செபம், தியானம், திருப்பலி. காலைச் சாப்பாடு முடிந்தால் ஸ்கூலோ ஆஸ்பத்திரியோ. மதியம் சிறு செபம். சாயங்காலம் செபமாலை, மாலைச் செபம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கதை பேசுகிற நேரம், கடைசியில் இரவுச் செபம். சபைக்குச் சபை நேரம் மாறும். சமணத் துறவியின் நாளோடு ஒப்பிட்டால் ஒன்று சட்டென்று தெரியும். அங்கே நாள் முழுக்க விரதத்தைக் காப்பாற்றுவதே வேலை. இங்கே நாளின் நடுவில் எட்டு மணி நேரம் வெளியுலக வேலை உட்கார்ந்திருக்கிறது. வேலை இருந்தால் சம்பளம் வரும்.

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 668-ம் பிரிவு இதற்குத்தான். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் தன் சொத்தை நிர்வகிக்கிற பொறுப்பை வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன்னாவது உயில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகு உழைத்து வருகிற வருமானம் எல்லாம் சபைக்குச் சொந்தம், பென்ஷன் உட்பட. அரசு உதவி பெறும் பள்ளியில் ஒரு சிஸ்டருக்கு மாசம் 60,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயரில்தான் வரும். அப்படியே சபைக் கணக்குக்குப் போய்விடும். செருப்பு பிய்ந்துவிட்டால், பஸ்ஸுக்குக் காசு வேண்டும் என்றால், அவர் மதரிடம் கேட்க வேண்டும்.

பிரச்னை வந்தது வருமான வரியில். மிஷனரிகள் தங்கள் சபைக்கே கொடுத்துவிடுகிற வருமானத்துக்கு வரி இல்லை என்று 1944-ல் ஒரு சுற்றறிக்கை உண்டு. அதை வைத்து ரொம்ப காலம் சிஸ்டர்கள், ஃபாதர்கள் சம்பளத்தில் வரி பிடிக்கவில்லை. 2014 இறுதியில் தமிழ்நாட்டில் வருமான வரித்துறை பிடிக்கச் சொன்னது. சபைகள் கோர்ட்டுக்குப் போயின. அவர்கள் வாதத்தில் ஒரு சொல் முக்கியமானது, 'சிவில் மரணம்'. வார்த்தைப்பாடு எடுத்தவர் சொத்து விஷயத்தில் இறந்தவருக்குச் சமம், அதனால் சம்பளம் அவருக்குப் போய்ச் சேருவதே இல்லை, நேரடியாகச் சபைக்கே சேருகிறது என்றார்கள்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி இதை ஏற்றார். 2019-ல் இரண்டு நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. நீதிமன்றங்கள் சொன்ன காரணத்தை ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இப்படிச் சொல்லலாம். வேலை பார்த்தது சிஸ்டர், சம்பளம் கொடுக்கப்பட்டதும் அவருக்கு. அதை அவர் அடுத்த நொடியே யாருக்குக் கொடுக்கிறார் என்பது அவர் சபையின் விதி. வரிச் சட்டம் பார்ப்பது பணம் யாருக்கு வந்தது என்பதை மட்டும்தான்.

அதாவது ஒரே 60,000 ரூபாய். மடத்தின் சட்டப்படி அது ஒரு நொடிகூட அவருடையது இல்லை. நாட்டின் சட்டப்படி அந்த ஒரு நொடி அவருடையதுதான். குணந்தாங்கி குரத்திகளின் பொன்னைப் பார்த்து இவள் கேட்ட கேள்வியும் இதுவேதான்.

ஏழ்மை வார்த்தைப்பாட்டுக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதை நாம் பேசுவதில்லை. ஐம்பது வயதில் ஒரு சிஸ்டர் சபையை விட்டு வெளியே வருகிறார் என்று வையுங்கள். முப்பது வருடம் உழைத்ததற்கு இவ்வளவு தாருங்கள் என்று அவர் கேட்க முடியாது. 702-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதே பிரிவு, விட்டுப் போகிறவரிடம் சபை நியாயத்தோடும் அன்போடும் நடந்துகொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. எவ்வளவு பணம் கொடுத்தால் அது நியாயம் என்று தொகை எதுவும் அதில் இல்லை. என்னைக் கேட்டால், அந்தத் தொகையைச் சட்டமே எழுதியிருக்க வேண்டும்.

500 ரூபாயைச் சிஸ்டரிடம் கொடுத்தால்? சிரித்துக்கொண்டே வாங்குவார். இரவுக்குள் அது மதரிடம் போயிருக்கும்.

உயிரோடு இருக்கும்போதே தனக்குத் திதி

மூன்றாவது கட்டம் இந்து சந்நியாசி. மரபுகள் ஏராளம் என்பதால் இராமகிருஷ்ண மடத்தை எடுத்துக்கொண்டோம். விவேகானந்தர் 1892 டிசம்பரில் கன்னியாகுமரிக்கு வந்தவர், பாறையை வகுப்பு முழுக்கப் பார்த்திருக்கிறது. விளக்குவது சுலபம்.

சேருகிறவர் முதலில் சில வருடம் பயிற்சியில் இருப்பார். ஏறக்குறைய ஐந்தாவது வருடத்தில் பிரம்மச்சரிய தீட்சை, வெள்ளை உடை. மேலும் நான்கைந்து வருடம் கழித்து சந்நியாசம், காவி. அதற்கு முன் தன் முன்னோருக்குச் செய்கிற மாதிரியே தனக்கும் சிராத்தம் செய்துகொள்வார். ஆமாம், உயிரோடு இருக்கும்போதே தனக்குத் தானே திதி. பிறகு விடிவதற்கு முன் விரஜா ஹோமம், புதுப் பெயர். அன்றாடம் என்று பார்த்தால், விடியும் முன் மங்கள ஆரத்தி, ஜபம், தியானம். பகலில் மடத்தின் ஸ்கூல், ஆஸ்பத்திரி, புத்தக நிலையம், சமையலறை என்று ஒதுக்கப்பட்ட வேலை. மாலையில் ஆரத்தி, பாட்டு, பிறகு படிப்பு. கான்வென்ட் நாளுக்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது இல்லையா? இரண்டிலும் நடுவில் வேலை இருக்கிறது.

வித்தியாசம் நாட்டின் சட்டத்தில் வருகிறது. சிஸ்டர்கள் கேட்டுக் கிடைக்காத அந்த 'சிவில் மரணம்', இந்து சட்டத்தில் ரொம்ப காலமாக இருக்கிற கருத்து. முறைப்படி சந்நியாசம் வாங்கியவருக்குப் பிறந்த வீட்டுச் சொத்தில் உரிமை முடிந்துவிடும். அதுவரை அவரிடம் இருந்த சொத்து, அவர் இறந்துவிட்டது போல வாரிசுகளுக்குப் போகும். காவி கட்டினால் மட்டும் போதாது, அந்தச் சடங்குகள் நடந்தனவா என்பதை நிரூபிக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களின் நிலை. 1955-ம் வருட இந்து திருமணச் சட்டத்தில், கணவனோ மனைவியோ துறவு மடத்தில் சேர்ந்து உலகைத் துறந்துவிட்டால் அதையே காரணமாகக் காட்டி மற்றவர் விவாகரத்து கேட்கலாம் என்றுகூட இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டமும், வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கினால் வரி இல்லை என்று சொல்வதில்லை. சிஸ்டர்கள் வழக்கில் தலைமை நீதிபதியாக இருந்த சந்திரசூட், சம்பளத்தைப் பூஜைக்குக் கொடுத்துவிடுகிற பூசாரிக்கும் இதே விதிதான் என்று உதாரணம் காட்டினார்.

காகிதத்தில் செத்தாலும் மனசு அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்வதில்லை. விவேகானந்தர் சந்நியாசி ஆன பிறகும் அம்மா புவனேஸ்வரி தேவியின் சாப்பாட்டுக்கு வழி செய்ய வேண்டியிருந்தது. அப்பா போன பிறகு அந்தக் குடும்பம் கடனிலும் சொத்து வழக்கிலும் நொந்து கிடந்தது. 1898-ல் கேத்ரி மன்னர் அஜித் சிங்குக்கு அவர் கடிதம் எழுதினார். அம்மாவுக்கு மாதம் 100 ரூபாய் அனுப்புவதைத் தொடர வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். தனக்குத் திதி கொடுத்துக்கொண்ட ஒருவர், அம்மாவுக்காகக் கை நீட்டிய கடிதம் அது. இதைச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது தப்பா சித்தி?" என்றாள். 'உனக்கு என்ன தோணுதோ அதையே சார்ட்ல எழுது மக்ளே' என்று சொல்லிவிட்டேன்.

500 ரூபாய்க்கு இங்கே பதில் ரொம்பச் சாதாரணமானது. சுவாமி வாங்கி ஆபீஸில் கொடுப்பார், உங்கள் பெயருக்கு ரசீது வரும்.

புது சார்ட்டில் மூன்று கட்டத்துக்குப் பதில் நான்கு கேள்விகள் வந்தன. சாப்பாடு யார் தருவது, முடியும் துணியும் எப்படி, 500 ரூபாய் என்ன ஆகும், விட்டுப் போனால் என்ன கிடைக்கும். கடைசிக் கேள்விக்கு நான் கொடுத்தது 6-ம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் தன் மடத்துக்கு எழுதிய விதிமுறை. மொத்தம் 73 அத்தியாயம். 58-வது அத்தியாயத்தில், புதிதாக வருகிறவருக்கு மடத்தின் உடையை உடுத்தியதும் அவருடைய பழைய உடையை எரிக்காமல் உடுப்பு அறையில் பத்திரமாக வைக்கச் சொல்கிறார். என்றாவது ஒருநாள் அவர் மடத்தை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் போட்டுக்கொள்ள அது வேண்டும் என்பதற்காக.

சார்ட்டின் கீழ் மூலையில் அவள் ஒரு அலமாரி வரைந்திருக்கிறாள். உள்ளே மடித்து வைத்த ஒரு சட்டை. பக்கத்தில், 'இது யாருடையது?' என்று பென்சிலில் எழுதி, ஒரு கேள்விக்குறியும் போட்டிருக்கிறாள்.